கண்டிஷனல் ஆஃபர் வந்திருக்கு, இனி என்ன செய்யிற?

வெளிநாட்டுக் கம்பஸ் ஒண்டுக்கு மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணி ஆஃபர் லெட்டர் வந்தா வீட்டுல உடனே "இடம் கிடைச்சிட்டு" எண்டு சொந்தக்காரருக்கெல்லாம் போன் போயிரும். லெட்டரைத் திறந்து பார்த்தா முதல் பந்தியில வாழ்த்து இருக்கும், அதுக்குக் கீழ "பின்வரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" எண்டு ஒரு வரி இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கூடுதலா ஏஜென்சிக்காரர்தான் லெட்டரை வாங்கி வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, பிள்ளையும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு சந்தோஷப்பட்டு விட்டுடும். ஆனா உண்மையான விஷயம் எல்லாம் ரெண்டாம் பக்கத்துலதான் இருக்கு.

கண்டிஷனல் ஆஃபர் எண்டா என்ன? கலியாணம் பேசி முடிச்சாச்சு, ரெஜிஸ்டர் இன்னும் எழுதல, அந்த நிலைமைதான். நீங்க நாங்க கேட்டதை எல்லாம் இந்தத் திகதிக்குள்ள காட்டினா உங்களுக்கு இடம் தருவம் எண்டு கம்பஸ் எழுத்துல சொல்லுது. காட்டலண்டா இடம் இல்ல. காட்டினதுக்குப் பிறகு அதே லெட்டர் அன்கண்டிஷனல் எண்டு மாறி வரும். பிரிட்டன் கம்பஸ்கள்ல அன்கண்டிஷனல் ஆனாத்தான் சி.ஏ.எஸ் எண்டு ஒரு நம்பர் தருவாங்க, அந்த நம்பர் இல்லாம ஸ்டூடன்ட் விசாவுக்கு அப்ளை பண்ணவே ஏலாது. ஆகவே கண்டிஷனல் லெட்டரை வச்சுக்கொண்டு டிக்கட் விலை பார்க்கிறது எல்லாம் கொஞ்சம் அவசரம்தான். கனடா, அமெரிக்கா மாதிரி சில இடத்துல ப்ரொவிஷனலா உள்ள எடுத்துட்டு, முதல் செமஸ்டருக்குள்ள மிச்சத்தைச் சரிப்படுத்து எண்டு விடுறதும் இருக்கு. அது வேற கதை, அங்க நீங்க படிச்சுக்கொண்டே நிபந்தனையை முடிக்கலாம். நான் இங்க சொல்லப்போறது பிரிட்டன் கதை, நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கூடுதலா கேக்கிறதும் அதுதான்.

எடுத்துக்காட்டா ஒரு பிள்ளையை வச்சிப் பார்ப்பம். களுவாஞ்சிகுடிப் பிள்ளை, வந்தாறுமூலை கம்பஸ்ல சயன்ஸ் ஸ்பெஷல் டிகிரி கடைசி வருஷம். மார்ச் மாசம் ஆஃபர் வருது, கோர்ஸ் செப்டெம்பர் கடைசியில தொடங்குது. லெட்டர்ல நாலு நிபந்தனை. ஒண்டு, டிகிரியை செகண்ட் அப்பரோட முடிச்சு டிகிரி சர்டிபிகேட்டும் ஃபைனல் ட்ரான்ஸ்கிரிப்ட்டும் காட்டணும். ரெண்டு, ஐ.ஈ.எல்.டி.எஸ் மொத்தம் 6.5, எந்தப் பகுதியும் 6.0-க்குக் குறையக்கூடாது. மூண்டு, 2,000 பவுண்ட் டெபாசிட். நாலு, பாஸ்போர்ட் கொப்பி. இதெல்லாத்தையும் ஜூலை 31-க்குள்ள முடிக்கணும், ஆனா ஆஃபருக்குப் பதில் சொல்ல நாலு கிழமைதான்.

இங்க ரெண்டு திகதி இருக்கு, பார்த்தீங்களா. பதில் சொல்ற திகதி வேற, நிபந்தனையை நிறைவேத்துற திகதி வேற. நிறையப் பேர் இதுல குழம்பி, "ஐ.ஈ.எல்.டி.எஸ் இன்னும் எழுதலயே, எப்பிடி அக்செப்ட் பண்ற" எண்டு காத்திருந்து பதில் சொல்ற திகதியைத் தவறவிடுறாங்க. அக்செப்ட் பண்ண நிபந்தனை முடிஞ்சிருக்கத் தேவையில்ல. அக்செப்ட் எண்டு சொன்னா, "எனக்கு இந்த இடம் வேணும், நிபந்தனையை முடிக்கப் பார்க்கிறன்" எண்டுதான் அர்த்தம்.

இனி நிபந்தனைகளை ஒவ்வொண்டாப் பார்ப்பம், முதலாவதுலதான் நம்ம ஆக்களுக்கு உண்மையான சிக்கல்.

டிகிரி சர்டிபிகேட் எண்டு அவங்க கேட்டா அது பட்டமளிப்பு விழாவுல தாற அந்தப் பெரிய தாள். நம்ம நாட்டுல கடைசி எக்ஸாம் எழுதி, ரிசல்ட் வந்து, அது செனட்ல அங்கீகாரம் ஆகி, மறுகா எப்பவோ ஒரு நாள் கன்வகேஷன் நடக்கும். கடைசி எக்ஸாமுக்கும் கன்வகேஷனுக்கும் நடுவுல கனக்க மாசம் போயிரும். இலங்கை தெரியாத அட்மிஷன்ஸ் ஆள் ஒருவர் வழமையான வரியை அப்பிடியே போட்டு "டிகிரி சர்டிபிகேட்" எண்டு எழுதி அனுப்பியிருப்பார், அவருக்கு நம்ம கம்பஸ் காலண்டர் எங்க தெரியப்போகுது. பிள்ளையும் ஜூலைக்குள்ள சர்டிபிகேட் வராது எண்டு பயந்து ஆஃபரையே விட்டுடும், இல்லண்டா ஒண்டும் சொல்லாம ஜூலை மட்டும் இருந்து கடைசி நாளில் அழும்.

இதுக்கு வழி இருக்கு. செனட் ரிசல்ட்டை அங்கீகரிச்சதும் உங்கட கம்பஸ் ரெஜிஸ்ட்ரார் பக்கத்துல, எக்ஸாம் பிரிவுல, டிகிரி முடிச்சதுக்கு ஒரு கடிதம் எடுக்கலாம். அந்தக் கடிதத்துல டிகிரி பேர், வகுப்பு, டிகிரி எந்தத் திகதியில இருந்து செல்லுபடி எண்டு மூண்டும் இருக்கணும். அந்தச் செல்லுபடித் திகதியை நம்ம கம்பஸ்கள்ல எஃபெக்டிவ் டேட் எண்டு சொல்லுவாங்க. கன்வகேஷன் அடுத்த வருஷம் நடந்தாலும் பட்டம் அந்தத் திகதியில இருந்துதான் கணக்கு. இதோட ஒறிஜினல் ட்ரான்ஸ்கிரிப்ட்டும் சேர்த்துக் குடுத்தா கன கம்பஸ்கள் ஏற்றுக்கொள்ளும், ஆனா ஏற்றுக்கொள்ளுமா எண்டு முன்கூட்டியே எழுதிக் கேட்டு எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கொள்ளணும். போன்ல ஆரோ "ஓம் ஓம்" எண்டு சொன்னது வேலைக்காகாது, ஏன்டா அந்த ஆள் அடுத்த மாசம் லீவுல இருப்பார். கவனிங்க, செனட் அங்கீகாரத்துக்கு முந்தி வெளிவாற ரிசல்ட் ஷீட்ல "செனட் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது" எண்டு இருக்கும், அதை ஃபைனல் எண்டு அனுப்பினா அவங்க திருப்பி அனுப்பிருவாங்க, ஏன்டா அதுவும் ஒரு தற்காலிகத் தாள்தான்.

வகுப்பு விஷயமும் ஒண்டு. செகண்ட் அப்பருக்கு நம்ம கம்பஸ்கள்ல வழமையா ஜி.பி.ஏ 3.30 வேணும். ஆனா 3.30 எடுத்தா மட்டும் அந்த வகுப்பு தானா வராது. குறிச்ச வருஷத்துக்குள்ள டிகிரியை முடிச்சிருக்கணும், ரிபீட் பாடங்களுக்கும் விதி இருக்கு. அதால 3.34 வச்சிருந்தும் வகுப்பு இல்லாமப் போற பிள்ளைகள் இருக்காங்க. லெட்டர்ல அவங்க கேக்கிறது வகுப்பா, ஜி.பி.ஏ-வா எண்டு வாசிச்சுப் பாருங்க. வகுப்பு எண்டு கேட்டிருந்தா ஜி.பி.ஏ-வைச் சொல்லிப் பிரயோசனமில்ல. கேட்டது ஜி.பி.ஏ எண்டா வகுப்பு வராட்டியும் தப்பலாம்.

நம்ம பிள்ளைட ஜி.பி.ஏ மூண்டாம் வருஷம் முடிய 3.27-ல நிக்குது எண்டு வைங்க. கடைசி வருஷத்துல ஏறும் எண்டு நம்பிக்கைதான், ஆனா ஏறலண்டா? இதை மறைக்கத் தேவையில்ல. ஃபைனல் ரிசல்ட் ஒரு சொட்டுக் குறைஞ்சு வந்தா கம்பஸ் சில நேரம் அட்மிஷன் ட்யூட்டருக்கு அனுப்பி, அந்த வருஷம் இடம் மிச்சம் இருக்கா, மற்றத் தாள்கள் நல்லா இருக்கா எண்டு பார்த்து முடிவெடுக்கும். அது உங்கட உரிமை இல்ல, அவங்கட முடிவு. ஆனா கேக்காத ஆளுக்கு அந்த முடிவு கிடைக்கவே கிடைக்காது.

இனி ஐ.ஈ.எல்.டி.எஸ். நிபந்தனையில "மொத்தம் 6.5, எதுவும் 6.0-க்குக் குறையாம" எண்டா அது ரெண்டு நிபந்தனை, ஒண்டு இல்ல. நம்ம பிள்ளை எழுதி ரிசல்ட் எடுக்குது: லிஸ்னிங் 7.0, ரீடிங் 6.5, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6.5. கூட்டினா 25.5, நாலால பிரிச்சா 6.375. ஐ.ஈ.எல்.டி.எஸ்-ல மொத்தத்தை கிட்ட இருக்கிற அரைக்கு மாத்துவாங்க, அதால மொத்தம் 6.5 எண்டுதான் வரும். வீட்டுல எல்லாரும் "6.5 வந்துட்டு" எண்டு கேக் வாங்கிட்டாங்க. ஆனா ரைட்டிங் 5.5, அதால நிபந்தனை நிறைவேறல. கம்பஸ் இதை ஏற்காது.

இந்த இடத்துல மூண்டு வழி இருக்கு. ஒண்டு, ரைட்டிங் மார்க்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேக்கிறது, டெஸ்ட் எழுதின நாள்ல இருந்து ஆறு கிழமைக்குள்ள கேக்கணும், மார்க் கூடினா கட்டின காசைத் திருப்பித் தருவாங்க. ஆனா மார்க் கூடும் எண்டு நம்பி இருக்கிறது நல்லதில்ல. ரெண்டு, கம்ப்யூட்டர்ல எழுதின டெஸ்ட்டுக்கு ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதுற வசதி இருக்கு, முதல் டெஸ்ட்டுல இருந்து 60 நாளுக்குள்ள. ஆனா அப்பிடி எடுத்த ரிசல்ட்டை உங்கட கம்பஸ் ஏற்குமா எண்டு காசு கட்ட முந்தியே மெயில்ல கேக்கணும், எல்லாரும் ஏற்கிறதில்ல. மூண்டு, கோர்ஸ் தொடங்க முந்தி சில கிழமை நடக்கிற ப்ரீசெஷனல் ஆங்கில வகுப்பு, கம்பஸே நடத்தும். செலவு இருக்கு, ஆனா 0.5 குறைஞ்ச பிள்ளைக்கு இது நேர் வழி. அதுக்கும் இடங்கள் கட்டுப்பாடு, அதால ஜூலை மட்டும் காத்திருக்காதீங்க.

நாலாவதா "எங்கட டிகிரி ஆங்கில மீடியம்தானே, அதைக் காட்டினா ஐ.ஈ.எல்.டி.எஸ் வேணுமா?" எண்டு கேப்பீங்க. சில கம்பஸ் மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன் கடிதத்தை ஏற்கும், அதையும் ரெஜிஸ்ட்ரார் கிட்ட எடுக்கலாம். தமிழ் மீடியத்துல ஆர்ட்ஸ் படிச்ச பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. ஆஃபர் லெட்டர்ல ஐ.ஈ.எல்.டி.எஸ் மார்க்கே எழுதி வந்திருந்தா, அதை மாத்தச் சொல்லிக் கேட்டு மாத்தின லெட்டர் கைக்கு வாற மட்டும் டெஸ்ட் திகதியை கேன்சல் பண்ணாதீங்க.

டெபாசிட்டுக்கு வாறம். 2,000 பவுண்ட் எண்டா நம்ம காசுல சின்னத் தொகை இல்ல, வீட்டுல நகையை பேங்க்ல வச்சுத்தான் கட்டுறாங்க. இதைக் கட்ட முந்தி பார்க்க வேண்டியது திருப்பித் தாற விதிகள். கூடுதலா கம்பஸ்கள் விசா மறுக்கப்பட்டா, இல்லண்டா நிபந்தனை நிறைவேறலண்டா திருப்பித் தருவம் எண்டு எழுதியிருக்கும், சில நேரம் ஒரு தொகையைக் கழிச்சிட்டுத் தருவாங்க. "மனசு மாறிட்டு, வேற கம்பஸ் போறன்" எண்டா அனேகமா வராது. லெட்டர்லயோ வெப்சைட்லயோ அந்தப் பந்தியை எடுத்து நீங்களே வாசிங்க, ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு இருக்காதீங்க. ஏஜென்ட் "என்ட அக்கவுண்ட்டுக்குப் போடுங்க, நான் கட்டுறன்" எண்டு சொன்னா அங்கயே நிறுத்துங்க. டெபாசிட் கம்பஸ்ட பேமண்ட் போர்ட்டல் ஊடாவோ, கம்பஸ் தாற பேங்க் விபரத்துக்கு உங்கட பேங்க்ல இருந்து நேரடியாவோதான் போகணும். வெளிநாட்டுக்கு அனுப்ப பேங்க் ஆஃபர் லெட்டர் கேக்கும், அதால கண்டிஷனல் லெட்டர் பிரிண்ட் ஒண்டு கையில வச்சிருங்க.

டெபாசிட்டைப் பதில் சொல்ற திகதிக்குள்ள கட்டணுமா, மறுகா கட்டலாமா? அதுவும் லெட்டர்ல இருக்கும். சில இடத்துல அக்செப்ட் பண்றதுக்கே டெபாசிட் வேணும், சில இடத்துல சி.ஏ.எஸ் கேக்கிற நேரத்துல போதும். ரிசல்ட்டும் ஐ.ஈ.எல்.டி.எஸ்-ம் நிச்சயமில்லாம இருக்கிற பிள்ளை, மறுகா கட்டலாம் எண்டா கடைசி திகதி மட்டும் தாமதிக்கிறதுதான் புத்தி. என்ட கருத்து, எந்த ஆஃபருக்கும் ரெண்டாவது இடம் ஒண்டு கையில வச்சுக்கொண்டுதான் டெபாசிட்டைப் பற்றி யோசிக்கணும்.

இனி பதில் சொல்ற விதம். கம்பஸ் போர்ட்டல்ல அக்செப்ட், டிக்லைன் எண்டு பட்டன் இருக்கும், சிலதுல டிஃபர் பண்ண, அதாவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளக் கேக்கவும் ஏலும். போர்ட்டலை ஏஜென்ட்ட மெயில் ஐடியில திறந்திருந்தா முதல் வேலை உங்கட மெயிலுக்கு மாத்தச் சொல்றது, இல்லண்டா கம்பஸ் அனுப்புற கடைசி நோட்டீஸ் எல்லாம் வேற ஆள்ட இன்பாக்ஸ்ல தூங்கும். பட்டனை அமத்தினதுக்குப் பிறகு ஒரு மெயிலும் போடணும், ஏன்டா பட்டன்ல கேள்வி கேக்க ஏலாது. மெயில் சின்னதா, ஆங்கிலத்துல, சப்ஜெக்ட்ல அப்ளிகேஷன் நம்பரும் கோர்ஸ் பேரும் போட்டு. நம்ம பிள்ளை ஆங்கிலத்துல எழுதப்போற மெயில்ட கருத்து தமிழ்ல இப்பிடி இருக்கும்:

"மதிப்புக்குரிய அட்மிஷன்ஸ் டீமுக்கு, உங்கட கண்டிஷனல் ஆஃபரை நான் இண்டைக்கு போர்ட்டல் ஊடாக ஏற்றுக்கொண்டேன். எனக்கு மூன்று விஷயத்தில் தெளிவு வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா உங்கள் ஜூலை 31 திகதிக்குப் பிறகே நடக்கும். செனட் அங்கீகரித்த பிறகு ரெஜிஸ்ட்ரார் தரும், வகுப்பும் பட்டத்தின் செல்லுபடித் திகதியும் உள்ள கடிதத்தையும் ட்ரான்ஸ்கிரிப்டையும் சர்டிபிகேட்டுக்குப் பதிலாக ஏற்பீர்களா? இறுதி ரிசல்ட் ஆகஸ்டில் வரும் என்று எதிர்பார்க்கிறேன், நிபந்தனைத் திகதியை ஆகஸ்ட் இறுதி வரைக்கும் நீட்ட முடியுமா? ஐ.ஈ.எல்.டி.எஸ் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதிய ரிசல்ட்டை ஏற்பீர்களா? தற்போதைய ட்ரான்ஸ்கிரிப்ட்டை இத்துடன் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். நன்றி, பேர், பாஸ்போர்ட்ல உள்ள மாதிரி முழுப் பேர், அப்ளிகேஷன் நம்பர். இதுல குடும்பக் கஷ்டமோ கனவோ எழுதத் தேவையில்ல, அட்மிஷன்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ மெயில் வரும், கேள்வியைத் தேட வச்சா பதில் பிந்தும். நாட்கள் போயும் பதில் வரலண்டா அதே மெயிலுக்கு மேல ரிப்ளை போட்டு ஞாபகப்படுத்துங்க, புதுசா இன்னொண்டு எழுதினா ரெண்டும் வேற வேற ஆள்ட கைக்குப் போயிரும்.

நீட்டித் தாறதை எப்பவும் கோர்ஸ் தொடங்குற திகதியோட சேர்த்து யோசிங்க. ஆகஸ்ட் கடைசியில ரிசல்ட் குடுத்து, மறுகா சி.ஏ.எஸ் வந்து, விசா எடுத்து, செப்டெம்பர் கடைசியில போய்ச் சேரணும். விசாவுக்கு கோர்ஸ் ஃபீஸ் மிச்சமும் வாழ்க்கைச் செலவும் பேங்க்ல தொடர்ந்து 28 நாள் இருந்திருக்கணும், ஒரு நாள் குறைஞ்சாலும் மறுக்கலாம். அதால ரிசல்ட் வரட்டும் எண்டு காசை ஒழுங்குபடுத்தாம இருந்தா ரிசல்ட் வந்த பிறகும் 28 நாள் கிடக்கணும், அப்ப கோர்ஸ் தொடங்கிடும். ரிசல்ட் வர முந்தியே காசை அக்கவுண்ட்ல போட்டு வைக்கிறது இதுக்குத்தான். இன்னொண்டு, சில சயன்ஸ், இன்ஜினியரிங் பாடங்களுக்கு ஏட்டாஸ் எண்டு ஒரு அனுமதி தேவை, அது வேணும் எண்டா ஆஃபர் லெட்டர்லயே எழுதியிருக்கும். அதுக்குக் காசு கட்டத் தேவையில்ல, ஆனா கிழமைக்கணக்குல எடுக்கும், லெட்டர் வந்த உடனேயே அப்ளை பண்ணிடலாம்.

ரெண்டு ஆஃபர் வந்திருந்தா? நேரடியா அப்ளை பண்ணின மாஸ்டர்ஸ் எண்டா ரெண்டையும் அக்செப்ட் பண்ணி வைக்க அனேகமாத் தடையில்ல, ஆனா டெபாசிட் ஒண்டுக்குத்தான் கட்டுவீங்க, போகப்போறதில்ல எண்டு முடிவானதும் மற்றதை டிக்லைன் பண்ணிடுங்க, அந்த இடத்துக்கு வேற ஒரு பிள்ளை காத்திருக்கும். ஏ.எல் முடிச்சு டிகிரிக்கு யூகாஸ் ஊடாகப் போறவங்களுக்கு விதி வேற: ஒண்டை முதல் தெரிவாவும், இன்னொண்டை காப்பாவும் வச்சு மற்றதை எல்லாம் விடணும், குறிச்ச திகதிக்குள்ள பதில் சொல்லலண்டா ஆஃபர்கள் தானா இல்லாமப் போயிரும். காப்பு எண்டு வைக்கிறது முதலாவதைவிடக் குறைஞ்ச மார்க் கேக்கிறதா இருக்கணும், ரெண்டும் ஒரே மார்க் கேட்டா காப்பு காப்பு இல்ல.

நிபந்தனை தவறப்போகுது எண்டு தெரிஞ்சா, திகதி முடிய முந்தியே எழுதுங்க. "ரிசல்ட் ஆகஸ்ட் 10-ல செனட்டுக்குப் போகுது, ரெஜிஸ்ட்ரார் கடிதம் 20-க்குள்ள கிடைக்கும்" எண்டு திகதியோட எழுதினா கம்பஸ் முடிவெடுக்கலாம். "கொஞ்சம் பிந்தும்" எண்டு எழுதினா அவங்களால ஒண்டும் செய்ய ஏலாது. நீட்டலண்டா அடுத்த இன்டேக்குக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம், சில கோர்ஸ் ஜனவரியிலயும் தொடங்குது. அப்பிடி மாத்தினா டெபாசிட்டும் மாறிப் போகுமா, ஃபீஸ் கூடுமா எண்டு அதே மெயில்ல கேட்டு வைங்க.

ஒரு கடைசி விஷயம், இது நம்ம ஊர்ப் பேர்களால வாற தலையிடி. ட்ரான்ஸ்கிரிப்ட்ல இனிஷியலோட பேர், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, ஐ.ஈ.எல்.டி.எஸ்-ல வேற ஒரு எழுத்துக்கூட்டல். மூண்டும் ஒரே ஆளா எண்டு அங்க இருக்கிறவருக்குத் தெரியாது. ஐ.ஈ.எல்.டி.எஸ்-க்குப் பதியும்போதே பாஸ்போர்ட்ல உள்ள மாதிரிப் போடுங்க, ட்ரான்ஸ்கிரிப்ட்ல வித்தியாசம் இருந்தா ரெஜிஸ்ட்ரார் கடிதத்துல முழுப் பேரையும் இனிஷியல் பேரையும் ரெண்டையும் எழுதிக் கேளுங்க. அன்கண்டிஷனல் லெட்டர் வந்தா முதல்ல பார்க்க வேண்டியதும் பேர், பிறந்த திகதி, கோர்ஸ் தொடங்குற திகதி, கட்டின டெபாசிட் தொகை, இந்த நாலுதான். பிழை இருந்தா சி.ஏ.எஸ் வர முந்தியே திருத்தச் சொல்லுங்க, சி.ஏ.எஸ் வந்த பிறகு திருத்துறது எண்டா இன்னும் நாள் போகும்.